ஃபேஸ் குளிர்ந்திருக்கிறது, நியூட்ரல் கொதிக்கிறது: கணினிக்கூடத்தில் பிழை தேடும் வழி

கீழக்கரையில் ஒரு கணினிப் பயிற்சிக்கூடம். மாடியில் நீளமான ஹால், 90 கணினிகள், மூன்று ஃபேஸுக்கும் முப்பது முப்பதாகப் பிரித்திருந்தார்கள். வயரிங் செய்தவர் கணக்குத் தெரியாத ஆள் இல்லை, பிரிப்பு சுத்தமாக இருந்தது. ஆனாலும் மதியம் இரண்டு மணிக்கு மேல் மாடி போர்டிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வருகிறது என்று உரிமையாளர் கூப்பிட்டார். "எம்.சி.பி. ஒண்ணும் விழலையே, வாடை மட்டும் எங்கிருந்து வருது?" என்பது அவர் கேள்வி.

எம்.சி.பி. விழாததுதான் முதல் துப்பு. இந்த வகைப் பிழை அப்படித்தான் வரும். அறிகுறி எது என்பதை வைத்துத் தேடும் முறையை இங்கே எழுதுகிறேன். நீங்கள் பார்ப்பது எந்த அறிகுறியோ அங்கிருந்து தொடங்கலாம், ஆனால் முதல் பகுதியைப் படித்துவிட்டுப் போவது நல்லது. மற்றவை எல்லாம் அதிலிருந்து கிளைப்பவைதான்.

அறிகுறி: நியூட்ரல் லிங்க் அல்லது நியூட்ரல் வயர் சுடுகிறது, ஃபேஸ் வயர்கள் சாதாரணமாக இருக்கின்றன

கையை வைத்துப் பார்க்க வேண்டாம். போர்டு மூடியைத் திறந்து, லோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு வயராகப் போட வேண்டும். மீட்டர் 'ட்ரூ ஆர்.எம்.எஸ்.' வகையா என்று முதலில் பாருங்கள். இந்த ஒரு விஷயத்தில்தான் பலர் வழி தவறுகிறார்கள். நான் முதலில் போட்டது என் உதவியாளரின் மலிவு மீட்டரை. மூன்று ஃபேஸிலும் 13, 14 என்று காட்டியது, நியூட்ரலில் 34 காட்டியது. "அண்ணே, மீட்டர் கெட்டுப்போச்சு" என்றான். பாதி உண்மை. சராசரியை அளந்து 1.11-ஆல் பெருக்கிக் காட்டும் மீட்டர், ஃபேஸில் ஓடும் ஊசி போன்ற கரண்ட் வடிவத்தைக் குறைத்துக் காட்டும். நியூட்ரலில் ஓடுவது ஏறக்குறைய வழுவழுப்பான அலை என்பதால் அங்கே அதே மீட்டர் சரியாகவே சொல்லிவிடும். ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டரை எடுத்துப் போட்டபோது சிவப்பு 21, மஞ்சள் 20, நீலம் 22, நியூட்ரல் 34 ஆம்பியர்.

இப்போது எல்லாரும் முதலில் சொல்வது 'லோடு சமமில்லை' என்பதுதான். அதைக் கணக்கால் தீர்த்துவிடலாம். மூன்று ஃபேஸிலும் வெறும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் மட்டும் ஓடி, அளவில்தான் கொஞ்சம் வித்தியாசம் என்றால், நியூட்ரலில் வர வேண்டியது இவ்வளவு:

```
IN = sqrt(a² + b² + c² − ab − bc − ca)
a=21, b=20, c=22  →  IN = sqrt(3) ≈ 1.7 A
```

வர வேண்டியது 2 ஆம்பியருக்கும் கீழே, வந்திருப்பது 34. இந்த இடைவெளியைச் சமமின்மை விளக்கவே முடியாது. இப்படிப்பட்ட சாதாரண லோடில், எவ்வளவு மோசமாகப் பிரித்திருந்தாலும், நியூட்ரல் கரண்ட் மூன்று ஃபேஸில் பெரியதைத் தாண்டாது. தாண்டிவிட்டால் வேறு ஏதோ இருக்கிறது என்று அங்கேயே முடிவு கட்டலாம்.

அடுத்து, மீட்டரில் `Hz` பட்டன் இருந்தால் கிளாம்பை நியூட்ரலில் வைத்தபடி அதை அழுத்துங்கள். 50 என்று வந்தால் திரும்பப் போய் லோடு பிரிப்பைப் பாருங்கள். எங்களுக்கு வந்தது 150. ஐம்பதின் மூன்று மடங்கு, இதைத்தான் மூன்றாம் ஹார்மோனிக் என்கிறோம்.

பட்டன் இல்லாத மீட்டர்தான் கையில் இருக்கிறது என்றால் இன்னொரு சோதனை உண்டு. எனக்கு அதுதான் பிடித்தது, ஏனென்றால் பக்கத்தில் நிற்பவருக்கும் கண்ணெதிரே புரியும். கணினிகளை முறையாக ஷட்டவுன் செய்யச் சொல்லிவிட்டு, ஒரு ஃபேஸின் லோடை மட்டும் முழுதாக நிறுத்துங்கள். ஹீட்டர், பல்பு போன்ற லோடு மூன்று ஃபேஸிலும் சமமாக இருந்தால், ஒன்றை நிறுத்தியதும் நியூட்ரல் கரண்ட் பூஜ்யத்திலிருந்து ஒரு ஃபேஸ் அளவுக்கு ஏற வேண்டும். கணினி லோடில் நேர்மாறாக இறங்கும். நாங்கள் சிவப்பை நிறுத்தியதும் 34 என்பது 28 ஆனது. மஞ்சளையும் நிறுத்தினோம், நீலத்தின் 22 மட்டும் நின்றது. ஏறாமல் இறங்கினால் சந்தேகமே வேண்டாம்.

ஏன் இப்படி என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், சரிசெய்யும் இடத்தில் இது தேவைப்படும்.

கணினியின் பவர் சப்ளைக்குள் முதலில் இருப்பது டயோடு பிரிட்ஜ், அதன் பின்னால் பெரிய கெப்பாசிட்டர். கெப்பாசிட்டர் ஏற்கெனவே நிறைந்திருப்பதால், லைன் வோல்டேஜ் அதைவிட உயரும் உச்சிநேரத்தில் மட்டும்தான் கரண்ட் உள்ளே போகும். அரை அலை 10 மில்லிசெகண்ட் என்றால், அதில் ஏறக்குறைய 3 மில்லிசெகண்டுக்கு மட்டும் ஒரு கூரான இழுப்பு, மீதி நேரம் சும்மா. பவர் ஃபேக்டர் திருத்தம், அதாவது பி.எஃப்.சி. இல்லாத எல்லா சப்ளையும் இப்படித்தான்.

மூன்று வள்ளங்கள் ஒரே கயிற்றை மூன்று திசையில் ஒரே நேரத்தில் இழுத்தால் முடிச்சு நகராது. நாம் படித்த 'சம லோடில் நியூட்ரல் பூஜ்யம்' என்பது அதுதான். ஆனால் ஒன்று இழுத்து விட்ட பிறகு அடுத்தது, அது விட்ட பிறகு இன்னொன்று என்று முறைவைத்து இழுத்தால் எதை எது சமன் செய்யும்? மூன்று ஃபேஸின் உச்சிகளும், மேல் உச்சி கீழ் உச்சி எல்லாம் சேர்த்து, 3.3 மில்லிசெகண்டுக்கு ஒன்றாக வருகின்றன. ஒவ்வொரு இழுப்பும் அதற்குள் முடிந்துவிடுவதால் ஒன்றின் மேல் ஒன்று விழுவதே இல்லை. எல்லாம் வரிசையாக நியூட்ரலில் வந்து சேர்கின்றன. 20 மில்லிசெகண்டுக்குள் ஆறு இழுப்பு, மேலும் கீழுமாக மாறி மாறி. அதுதான் அந்த 150 ஹெர்ட்ஸ்.

இதையே ஹார்மோனிக் மொழியில் சொன்னால்: மூன்று ஃபேஸுக்கு இடையே உள்ள 120 டிகிரி விலகல், மூன்றாம் ஹார்மோனிக்குக்கு 360 டிகிரி ஆகிவிடுகிறது. அதாவது விலகலே இல்லை. 3, 9, 15 என மூன்றின் ஒற்றைப்படை மடங்குகள் எல்லாம் மூன்று ஃபேஸிலும் ஒரே திசையில் நின்று நியூட்ரலில் கூடும். 5, 7, 11 போன்றவை சமமாக இருந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இவர்கள் கணினி ஒன்று மானிட்டரோடு 120 வாட் என்றால், ஒரு ஃபேஸுக்கு 3600 வாட், 230 வோல்டில் 15.7 ஆம்பியர். இதுதான் வேலை செய்யும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட். மூன்றாம் ஹார்மோனிக் அதில் 70 சதவீதம், அதாவது 11 ஆம்பியர். மூன்று பதினொன்று 33. மீட்டர் காட்டிய 34-க்குக் கணக்கு இங்கே ஒத்துப்போகிறது. 15.7 இருக்க வேண்டிய ஃபேஸில் 21 இருந்ததற்கும் இந்த ஹார்மோனிக்குகள்தான் காரணம்.

இதற்கு மேல் எல்லை என்ன என்று கேட்டால், இப்படி ஒன்றின்மேல் ஒன்று விழாத இழுப்புகளுக்கு, ஃபேஸ் கரண்டைப் போல 1.73 மடங்குதான் உச்சம். அதைவிட அதிகமாக வந்தால் மீட்டரையோ, வேறு எங்கிருந்தோ வந்து சேரும் நியூட்ரலையோ சந்தேகப்படுங்கள்.

இப்போது வாடைக்கு வருவோம். மாடிக்கு ஏறும் 40 மீட்டர் ஓட்டத்தில் ஃபேஸ் மூன்றும் 6 ஸ்கொயர் எம்.எம். காப்பர், நியூட்ரல் மட்டும் 2.5. 'நியூட்ரல்ல என்ன ஓடப்போகுது' என்ற பழைய நம்பிக்கை. 2.5 ஸ்கொயர் காப்பர் ஒரு மீட்டருக்கு 0.0074 ஓம். 34 ஆம்பியருக்கு ஒவ்வொரு மீட்டரிலும் எட்டரை வாட் சூடு. பக்கத்து 6 ஸ்கொயர் ஃபேஸ் வயரில் 1.4 வாட்தான். ஒரே பைப்புக்குள் போகும் நான்கு வயரில் ஒன்று மட்டும் ஆறு மடங்கு சூடாகிறது. எம்.சி.பி. மூன்று ஃபேஸுக்கும் சேர்த்து ஒன்று, 32 ஆம்பியர். அது பார்ப்பது ஃபேஸை, அங்கே 21, 22. அதன் பார்வையில் குறையே இல்லை. நியூட்ரலைப் பார்க்க அங்கே ஆளே கிடையாது.

அறிகுறி: ஒரு ஸ்குரூ மட்டும் கருத்திருக்கிறது

முழு வயரும் சுடாமல் நியூட்ரல் லிங்க்கில் ஒரு இடம் மட்டும் கருத்திருந்தால் அது ஜாயிண்ட். கரண்ட் காரணம் மேலே சொன்னதாகவே இருக்கலாம், ஆனால் முதலில் கருகுவது பலவீனமான இணைப்பு. நம் கரையில் இது சீக்கிரம் வரும். கச்சான் காற்று மாதங்களில் ஜன்னல் கம்பியில் விரலை வைத்தால் உப்பு ஒட்டும், அதே உப்பு போர்டுக்குள்ளும் போகிறது. பித்தளை லிங்க்கில் பச்சைக் களிம்பு படிகிறது. பகலில் லோடு ஏறிச் சூடாகி விரிவதும் இரவில் ஆறிச் சுருங்குவதுமாக ஸ்குரூ தளர்கிறது, தளர்ந்த இடத்தில் இன்னும் களிம்பு.

பார்க்கும் வழி எளிது. லோடு ஓடும்போது மீட்டரை மில்லிவோல்டில் வைத்து, ஒரு முனையை வயரின் செம்பிலும் இன்னொன்றை லிங்க்கின் உடம்பிலும் வையுங்கள். நல்ல இணைப்பில் சில மில்லிவோல்ட்தான் இருக்கும். எங்களுக்கு ஒரு முனையில் அரை வோல்ட் காட்டியது. 34 ஆம்பியரில் அது 17 வாட், ஒரு சின்ன சால்டரிங் அயனின் சூடு ஒற்றை ஸ்குரூ மேல்.

ஸ்குரூவை அப்படியே முறுக்கிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். லோடு இருக்கும்போது நியூட்ரல் கழன்றால் அடுத்து வருவது கீழே உள்ள அறிகுறி. மெயினை நிறுத்தி, யாரும் போடாதபடி பூட்டி, எல்லா வயரிலும் வோல்டேஜ் இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் கை வைக்க வேண்டும். நியூட்ரல்தானே என்ற அலட்சியம் இந்த வேலையில் ஆகாது. கருத்த வயரை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, டின் பூசிய காப்பர் லக்கைச் சரியான கிரிம்பிங் டூலால் அடித்து, லிங்க்கைச் சுரண்டாமல் மாற்றிவிடுவதே மேல்.

அறிகுறி: ஒரு வரிசைக் கணினிகள் அணைகின்றன, இன்னொரு வரிசையில் சப்ளை புகைகிறது

உடனே மெயினை நிறுத்துங்கள், அளவெடுப்பது அப்புறம். நியூட்ரல் அறுந்துவிட்டது அல்லது அறுந்துகொண்டிருக்கிறது. நியூட்ரல் போனால் ஃபேஸ்கள் 400 வோல்டை லோடின் கணக்குப்படி தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும். லோடு குறைந்த பக்கம் 300 வோல்டுக்கு மேல் ஏறும், அதிகமான பக்கம் சரியும். கெப்பாசிட்டர்கள் வெடிப்பது ஏறிய பக்கத்தில். மேலே சொன்ன கருத்த ஸ்குரூ முற்றினால் வந்து நிற்கும் இடம் இதுதான்.

அறிகுறி: நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 8, 10 வோல்ட்

இதை நெட்வொர்க் ஆள்தான் முதலில் கண்டுபிடித்துச் சொன்னார், சுவிட்ச் அடிக்கடி தொங்குகிறது என்று சந்தேகப்பட்டு. மாடி பிளக்கில் அளந்தால் 11 வோல்ட். 40 மீட்டர் 2.5 ஸ்கொயர் வயரின் தடை 0.3 ஓம், 34 ஆம்பியருக்கு 10 வோல்ட் விழ வேண்டும். சூடேறிய செம்பின் தடை கூடும், அதனால் 11. கணக்கு நேராகிவிட்டதால் எர்த் பிட்டை நோண்டும் வேலை மிச்சம். இதுவும் 150 ஹெர்ட்ஸ்தான் என்று மீட்டர் சொன்னது.

நெட்வொர்க் தொங்கியதற்கு இதுதான் காரணமா என்பதை நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் இங்கே பலர் செய்யும் ஒரு வைத்தியத்தைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்: மாடி போர்டில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைப்பது. அளந்தால் பூஜ்யம் காட்டும், எல்லாரும் கைதட்டுவார்கள். உண்மையில் அந்த 34 ஆம்பியரில் ஒரு பங்கு இனி எர்த் வயர் வழியாகவும், கணினி உடம்பு வழியாகவும், ஷீல்டு உள்ள டேட்டா கேபிள் வழியாகவும் திரும்பும். முன்னால் ஆர்.சி.சி.பி. இருந்தால் அது விழும். விழுகிறது என்று அதையும் எடுத்துவிட்ட இடங்களை நான் பார்த்திருக்கிறேன். இணைப்பு இருக்க வேண்டியது சப்ளை தொடங்கும் இடத்தில், மாடியில் இல்லை.

ஜெனரேட்டரில் ஓடும்போது மட்டும் தொல்லை என்றால்

மின்வாரிய சப்ளையைவிட ஜெனரேட்டரின் உள்தடை அதிகம். அதே ஹார்மோனிக் கரண்ட் அங்கே வோல்டேஜ் அலையின் உச்சியையே தட்டையாக்கும். ஜெனரேட்டரின் நியூட்ரல் முனையையும் அதே கிளாம்பால் பாருங்கள், கே.வி.ஏ. கணக்கில் தாராளம் விட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். சொந்த டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பெரிய கட்டடமாக இருந்தால், டெல்டா-ஸ்டார் வகையில் இந்த மூன்றாம் ஹார்மோனிக் டெல்டாவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். வெளி லைனுக்குப் போகாது, ஆனால் டிரான்ஸ்ஃபார்மரைச் சூடாக்கும்.

சரிசெய்தது

முதலில் எது உதவாது என்று சொல்லிவிடுகிறேன். ஃபேஸ்களை இன்னும் சமமாக்குவது உதவாது. ஏற்கெனவே சமம்தான், சமமாக்கச் சமமாக்க ஒன்பதும் மூன்றும் இன்னும் ஒழுங்காகக் கூடும். பவர் ஃபேக்டர் கெப்பாசிட்டர் பேங்க்கும் உதவாது. ஹார்மோனிக்கோடு அது ஒத்ததிர்ந்தால் நிலைமை மோசமாகும். பெரிய எம்.சி.பி. போடுவது உதவாது மட்டுமல்ல, ஆபத்து.

உதவுவது இரண்டு. ஒன்று, வயரை நியூட்ரல் கரண்டுக்கு ஏற்றபடி போடுவது. மூன்றாம் ஹார்மோனிக் இவ்வளவு அதிகமாக இருக்கும் இடத்தில் கேபிள் அளவைத் தீர்மானிக்க வேண்டியது ஃபேஸ் இல்லை, நியூட்ரல். நாங்கள் 2.5-ஐ உருவிவிட்டு 10 ஸ்கொயர் காப்பர் போட்டோம். 3.5 கோர் கேபிள் வாங்கித்தரட்டுமா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டவே வேண்டாம், அதில் அந்த அரை கோர்தான் நியூட்ரல். மாடி போர்டிலிருந்து மேசைகளுக்குப் போகும் இடத்திலும் மூன்று ஃபேஸுக்கு ஒரு பொது நியூட்ரல் ஓடியது. அதைப் பிரித்து ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனி நியூட்ரல் கொடுத்தோம். தனி நியூட்ரலில் அந்த ஃபேஸின் கரண்ட் மட்டுமே திரும்பும், கூடுவதற்கு வழியில்லை.

இரண்டாவது, ஹார்மோனிக்கையே குறைப்பது. ஆக்டிவ் பி.எஃப்.சி. உள்ள சப்ளைகள் கரண்டை வோல்டேஜ் வடிவத்திலேயே இழுக்கும். மூன்றாம் ஹார்மோனிக் 10 சதவீதத்துக்கு இறங்கினால் 90 கணினிக்கும் நியூட்ரலில் 5 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். 'ஸ்டாண்டர்டு பாஸ்' என்ற முத்திரையை மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள். ஐ.இ.சி. 61000-3-2 கணினிகளுக்கு வாட்டுக்கு 3.4 மில்லிஆம்பியர் மூன்றாம் ஹார்மோனிக்கை அனுமதிக்கிறது. 230 வோல்டில் ஒரு வாட்டுக்கு வேலைக் கரண்டே 4.35 மில்லிஆம்பியர்தான், ஆக அது 78 சதவீதம். விதியை மீறாமலே இந்த ஹாலை உருவாக்கிவிடலாம். ஜிக்ஜாக் டிரான்ஸ்ஃபார்மரை லோடுக்குப் பக்கத்தில் வைத்து மேல்நோக்கிய நியூட்ரலை இலகுவாக்கும் வழியும் உண்டு, பழைய கட்டடத்தில் கேபிளே மாற்ற முடியாதபோது. இங்கே அதற்குத் தேவை வரவில்லை. உரிமையாளர் இப்போதைக்கு வயரை மாற்றலாம், கணினி பழுதாகப் பழுதாக பி.எஃப்.சி. உள்ளதாக வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

வேலை முடிந்து லோடு ஏற்றி கிளாம்பைப் போட்டேன். பக்கத்தில் நின்று பார்த்தவர் முகம் சுருங்கியது.

"அதே 34 காட்டுதே காக்கா? இவ்வளவு செலவு பண்ணியும்?"

"கணினி மாறலையே, அதனால கரண்ட் குறையாது. அது போற வழியைத்தான் அகலமாக்கியிருக்கோம்."

மாடி பிளக்கில் நியூட்ரல்-எர்த் 11 இருந்த இடத்தில் இரண்டரை வோல்ட். ஒரு மீட்டருக்கு எட்டரை வாட் என்பது 2 வாட் ஆகிவிட்டது. புது லிங்க்கின் எல்லா முனையிலும் மில்லிவோல்ட் எடுத்து, மூன்று ஃபேஸ், நியூட்ரல், ஹெர்ட்ஸ், தேதி எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதி போர்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டினோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கச்சான் காற்று ஓய்ந்ததும் ஒருமுறை, அந்த மில்லிவோல்டை மறுபடி எடுத்துப் பக்கத்தில் எழுத வேண்டும் என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன்.